மாற்றிய எண் எந்தப் படத்தின் எந்த வரியிலிருந்து வந்தது?

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதிய பழைய பேரேட்டைப் படமெடுத்து எக்செலாக மாற்றிவிட்டேன். சந்தேகமான எண்ணைப் பார்த்தால் மூலப் படத்துக்குத் திரும்பிப் போக வழி என்ன?

அட்டவணையின் இடது ஓரத்தில் படத்தின் கோப்புப் பெயர், பேரேட்டுப் பக்க எண், அந்தப் பக்கத்தில் வரி எண் என்று மூன்று பத்திகளைச் சேர்த்துவிடுங்கள். பேரேட்டை விரித்து எடுத்த ஒரே படத்தில் பெரும்பாலும் இரண்டு பக்கங்கள் விழுந்திருக்கும் என்பதால், கோப்புப் பெயர் மட்டும் போதாது. படங்களுக்கு kdl_012.jpg என்பதுபோல் நீங்களே பெயர் வைத்துவிட்டு, அதன்பிறகு அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி மீண்டும் சேமிக்காதீர்கள். பெயரும் மாறிவிடும், எழுத்தும் மங்கிவிடும்.

பேரேட்டில் எழுதியிருக்கும் வரிசை எண்ணை வரி எண்ணாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஏலக் கணக்கில் அது ஒவ்வொரு நாளும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று "4" இருக்கும். ஆகவே தலைப்புக்குக் கீழே, கையெழுத்து உள்ள முதல் வரியை 1 என்று வைத்து, தேதி வரி, மொத்த வரி, அடித்துத் திருத்திய வரி எதையும் விடாமல் எண்ணுங்கள். மொத்த வரிகளைப் பிறகு கணக்கிலிருந்து வடிகட்டலாமே தவிர, எண்ணும்போது விட்டுவிட்டால் கீழே உள்ள வரிகளெல்லாம் படத்தோடு பொருந்தாமல் போகும்.

வரி எண்ணை =ROW() சூத்திரமாக விட்டுவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. மீன் வகைப்படி வரிசைப்படுத்திய மறுகணமே அது புதிய இடத்தின் எண்ணைக் காட்டும். மூலத்தோடு இருந்த தொடர்பு சத்தமில்லாமல் அறுந்துவிடும். எண்களை வெறும் மதிப்பாக ஒட்டிய பிறகே தாளில் வேறெதையும் தொடுங்கள்.

பக்க எண் B பத்தியிலும் வரி எண் C பத்தியிலும் இருந்தால், இந்தச் சூத்திரம் விடுபட்ட வரிகளின் எண்ணிக்கையைக் காட்டும்:

```
=MAXIFS(C:C,B:B,B2)-COUNTIFS(B:B,B2)
```

விடை 2 என்றால் அந்தப் பக்கத்தில் குறைந்தது இரண்டு வரிகள் காணவில்லை. எதிர்ம எண் வந்தால் ஏதோ ஒரு வரி இருமுறை ஏறியிருக்கிறது. பக்கத்தின் கடைசி வரியே விடுபட்டிருந்தால் விடை பூஜ்யமாகத்தான் வரும் என்பதால், ஒவ்வொரு பக்கத்தின் வரிகளையும் படத்தைப் பார்த்துக் கண்ணால் எண்ணித் தனியே குறித்துவைக்க வேண்டும்.

உதாரணமாக, மத்தி 7150 கிலோ என்று ஒரு வரி இருக்கிறது, அதை அடுத்த மத்தி வரிகளெல்லாம் ஆயிரத்தை ஒட்டியே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். kdl_012.jpg, பக்கம் 23, வரி 17 என்று பார்த்துப் படத்தைத் திறந்தால், கொக்கி போட்டு எழுதிய 1 அங்கே 7 ஆகப் படிக்கப்பட்டிருப்பது தெரியும். அப்போதும் 7150-ஐ அழிக்காமல், 1150 என்பதைப் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள்; அதே கையெழுத்துள்ள மற்ற பக்கங்களில் எந்த 7-களைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அந்தப் பழைய எண்தான் காட்டும்.