இரத்த அழுத்தச் செயலியும் ‘மருத்துவ ஆலோசனை அல்ல’ என்ற வரியும்

கேள்வி: வீட்டுக் கருவியில் எடுத்த இரத்த அழுத்த அளவுகளைப் பதிந்து வைத்து, அதைப் பார்த்து ஆலோசனையும் சொல்லும் செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். ‘இது மருத்துவ ஆலோசனை அல்ல’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் ஸ்டோரில் ஏற்றிவிடலாமா, இல்லை அரசு அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: அந்த வரியைப் போடத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பி நீங்கள் ஏற்றப்போகும் வசதிகளில் சிலவற்றை அந்த வரியால் காப்பாற்ற முடியாது. மருத்துவச் செயலிகளை வெளியிடும் குழு ஒன்றில், விதிமுறைகள் பக்கத்தைக் கவனிப்பது சில ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒரு செயலி மருத்துவச் சாதனமா இல்லையா என்பதை முடிவு செய்வது அதன் நிரலோ, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் மறுப்புரையோ அல்ல. அதை எதற்காகப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்பதே, அதாவது உத்தேசப் பயன்பாடே, முடிவு செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவச் சாதன ஒழுங்குமுறை (2017/745 என்ற எண் கொண்டது, 2021 மே 26 முதல் நடைமுறையில் இருப்பது) இந்த உத்தேசத்தை வரையறுக்கும்போது, பயன்பாட்டுக் குறிப்பை மட்டுமல்லாமல் விளம்பரத்திலும் விற்பனைப் பொருள்களிலும் தயாரிப்பாளர் சொல்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் விதியும் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கிறது. ஆகவே ஸ்டோரில் நீங்கள் எழுதும் விவரிப்பு, ஸ்கிரீன்ஷாட்டுகளின் மேல் ஒட்டும் பெரிய எழுத்து வாசகம், உங்கள் இணையதளத்தின் முகப்பு வரி ஆகிய எல்லாமே சாட்சியங்கள். மேலே ‘உயர் அழுத்தத்தைக் கண்டறியும்’ என்று எழுதிவிட்டுக் கீழே ‘இது கண்டறிவதற்கானது அல்ல’ என்று எழுதினால், மேலே இருப்பதைத்தான் ஒழுங்குமுறையாளர்கள் படிப்பார்கள்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் செயலி இரத்தச் சர்க்கரை அளவைப் பதிந்துவைக்கும் வெறும் குறிப்பேடு. குறித்த நேரத்தில் ‘அளந்து பதியுங்கள்’ என்று நினைவூட்டும், அவ்வளவுதான். விளம்பரம் எழுதியவர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ‘சர்க்கரை ஏறுமுன் உங்களை எச்சரிக்கும்’ என்று போட்டுவிட்டார். ஸ்டோரின் பரிசீலனையில் திருப்பி அனுப்பினார்கள். இந்த வசதிக்கான அரசு அனுமதிச் சான்று எங்கே என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் நிரலில் ஒரு வரியும் மாற்றவில்லை. வாசகத்தை ‘நீங்கள் பதிந்த அளவுகளை வரிசையாகக் காட்டும்’ என்று மாற்றி மறுபடி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

இனி உங்கள் செயலிக்கு வருவோம். அதன் வசதிகளை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்பது தெரியும்.

முதல் படி, பயனர் 148/92 என்று உள்ளிட, அதைத் தேதியோடு சேமித்துவைப்பது. இது குறிப்பேடு. சேமிப்பது, அனுப்புவது, எளிமையாகத் தேடித் தருவது ஆகியவற்றை மட்டும் செய்யும் மென்பொருளை ஐரோப்பிய வழிகாட்டுதல் மருத்துவச் சாதனமாகக் கொள்வதில்லை. எஃப்.டி.ஏ.வும் இத்தகையவற்றைச் சாதனமாகக் கருதுவதில்லை, அல்லது ஆபத்து குறைவு என்று கண்டுகொள்ளாமல் விடுகிறது. இரண்டாம் படி, அந்த எண்களை வரைபடமாக்கி மருத்துவரிடம் காட்டும்படி ஒரு கோப்பாகத் தருவது. இதிலும் பெரும்பாலும் சிக்கல் வராது.

சிக்கல் தொடங்குவது மூன்றாம் படியில். 148/92 என்ற எண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து ‘உயர் அழுத்தம்’ என்று பெயரிட்டால், நீங்கள் அந்த ஒருவருடைய அளவை எடுத்து அவருக்கு ஒரு நோய்நிலையைச் சொல்கிறீர்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 11ஆம் வகைப்பாட்டு விதிப்படி, நோயறிதலுக்கோ சிகிச்சைக்கோ எடுக்கும் முடிவுகளுக்குத் தகவல் தரும் மென்பொருள் குறைந்தது 2-ஏ வகுப்பைச் சேர்ந்தது. அந்த முடிவு தவறினால் உடல்நிலை கடுமையாகச் சீர்கெடலாம் என்றால் 2-பி. மரணமோ மீளாத பாதிப்போ நேரலாம் என்றால் 3. முதல் வகுப்பாக இருந்தால் தயாரிப்பாளரே ஆவணங்களைத் தயாரித்துத் தானே அறிவித்துக்கொள்ளலாம்; 2-ஏ ஆகிவிட்டால் ‘நோட்டிஃபைட் பாடி’ எனப்படும் சுயேச்சையான தணிக்கை அமைப்பு உங்கள் தர மேலாண்மை முறையையும் மருத்துவச் சான்றுகளையும் பரிசோதித்துச் சான்றிதழ் தந்த பிறகே வெளியிட முடியும். ஒரு நிறத்தைச் சேர்ப்பதற்கும் சேர்க்காமல் விடுவதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மூன்றாம் படி இவ்வளவு கறாராக இல்லை. எந்த வாசகத்தோடு, யாருக்குக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் சாயலாம்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிவப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதே ஒரு மருத்துவக் கருத்து. 2017இல் வந்த அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல் 130/80 முதலே உயர் அழுத்தம் என்றது. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 140/90 என்ற எல்லையை வைத்துக்கொண்டன. 134/84 என்ற அளவு ஒரு வழிகாட்டுதலில் நோய், மற்றொன்றில் இல்லை. ஆப் ஸ்டோரின் பரிசீலகர்கள் பல செயலிகளைத் திருப்பி அனுப்புவதற்குக் காரணமே, மருத்துவத் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான மேற்கோள் செயலிக்குள் எளிதில் கண்ணில் படும்படி இல்லாததுதான். நிறம் வைத்தே தீருவேன் என்றால், எந்த வழிகாட்டுதலின் எல்லை அது என்பதை அதே திரையில் எழுதுங்கள்.

நான்காம் படி, ‘இன்றிரவு மாத்திரையை அரை கூட்டிக்கொள்ளுங்கள்’ என்பது. இதைப் பற்றி வாதாடவே இடமில்லை. நீங்கள் சிகிச்சை தருகிறீர்கள். ஆப் ஸ்டோரின் வழிகாட்டுதல் 1.4.2, மருந்தளவு கணக்கிடும் செயலிகள் மருந்து நிறுவனம், மருத்துவமனை, பல்கலைக்கழகம், காப்பீட்டு நிறுவனம், மருந்தகம் போன்ற ஏற்கப்பட்ட அமைப்புகளிடமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் எஃப்.டி.ஏ. அல்லது அதற்கு இணையான பிற நாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதல் இல்லாமல் தனி ஒருவராக நீங்கள் இதை ஏற்ற முடியாது. ‘மருத்துவருக்கு உதவும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறதே’ என்று சிலர் கேட்பார்கள். அந்த விலக்கு, பரிந்துரையின் அடிப்படையைத் தாமே ஆராய்ந்து பார்க்கக்கூடிய மருத்துவத் துறையினருக்கான மென்பொருளுக்கு மட்டும்தான். நோயாளியிடம் நேராகப் பேசும் செயலிக்கு அது பொருந்தாது.

அளவைப் பயனரே உள்ளிடாமல், தொலைபேசியின் கேமராவைக் கொண்டு நீங்களே அளக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், இப்போதே விட்டுவிடுங்கள். வழிகாட்டுதல் 1.4.1, தொலைபேசியின் உணரிகளை மட்டும் வைத்து இரத்த அழுத்தம், உடல் வெப்பம், சர்க்கரை, இரத்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளப்பதாகச் சொல்லும் செயலிகளை நேரடியாகவே தடை செய்கிறது. இந்தத் தடைக்குப் பின்னால் உள்ள ஆபத்து கற்பனையானதல்ல. விரலைக் கேமராவின் மேல் வைத்து, தொலைபேசியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் அழுத்தம் தெரியும் என்று 2014-15இல் இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர் என்ற செயலி விற்றது. பின்னர் நடந்த ஆய்வில், உண்மையில் உயர் அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அது இயல்பான அளவு என்று காட்டியது தெரியவந்தது. அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2016இல் அதன் தயாரிப்பாளர் மீது நடவடிக்கை எடுத்தது. தவறான உறுதி கொடுத்து ஒருவரை மருத்துவரிடம் போகவிடாமல் செய்வதைத்தான் ஒழுங்குமுறையாளர்கள் பெரிதும் அஞ்சுகிறார்கள்.

கூகுள் பிளேயில் பிளே கன்சோலுக்குள் உடல்நலச் செயலிகளுக்கான உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கிறது. எந்தெந்த உடல்நல வசதிகள் உள்ளன என்று அதில் தெரிவிக்க வேண்டும். அனுமதி பெறாத செயலி, தான் மருத்துவச் சாதனம் அல்ல என்ற மறுப்புரையை விவரிப்பில் வைக்க வேண்டும். நீங்கள் கேட்ட அந்த வரிக்கு இங்கேதான் வேலை. படிவத்தில் ஒன்றும் தரவுப் பாதுகாப்புப் பகுதியில் வேறொன்றுமாக எழுதியிருந்தால் அந்த முரண்பாடே சிக்கலாகிவிடும் என்பதால், இரண்டையும் ஒரே ஆள் நிரப்புவது நல்லது.

தரவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் செயலி பெரிதும் மாட்டக்கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பா மருத்துவமனை, காப்பீட்டாளர், அவர்களுக்காக வேலை செய்பவர்கள் ஆகியோரைத்தான் கட்டுப்படுத்துகிறது. பயனர் தானாக உள்ளிடும் அளவு உங்களிடம் இருக்கும்போது அது பெரும்பாலும் பொருந்தாது. இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் அந்த இடைவெளியில் எஃப்.டி.சி. நிற்பதை மறந்துவிடுகிறார்கள். அதன் உடல்நலத் தரவு மீறல் அறிவிப்பு விதி 2009 முதல் இருக்கிறது. பயனரின் அனுமதியில்லாமல் விளம்பர நிறுவனத்துக்குத் தரவு போவதும் மீறல்தான் என்று அதைப் பொருள் கொண்டு, 2023 பிப்ரவரியில் மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்-ஆர்எக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக முதன்முறையாக அந்த விதியைப் பயன்படுத்தியது. அபராதம் 15 லட்சம் டாலர். யாரும் ஊடுருவித் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது நடக்கும் விதம் மிகச் சாதாரணமானது. செயலியில் எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று அறிய ஒரு பகுப்பாய்வு எஸ்.டி.கே.யைச் சேர்க்கிறீர்கள்; ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பெயர் வைக்கிறீர்கள். ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி மீது எஃப்.டி.சி. கொடுத்த புகாரில் `R_PREGNANCY_WEEK_CHOSEN` என்ற நிகழ்வுப் பெயர் எடுத்துக்காட்டப்பட்டது. வாரத்தின் எண்ணைக்கூட அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் பெயர் விளம்பர அடையாள எண்ணோடு சேர்ந்து வெளியே போனாலே அந்தப் பெண் கருவுற்றிருப்பதாகச் சொல்லிவிட்டது. உங்கள் நிரலில் `bp_high_saved` என்பது போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை `entry_saved` என்று மாற்றுவது பாதி வேலை. திரைகளின் பெயர்களையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் பல எஸ்.டி.கே.க்கள் திரைப் பெயரைத் தாமாகவே அனுப்பும். வலைப்பின்னல் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் கருவி ஒன்றைச் சோதனைத் தொலைபேசியில் வைத்து, ஒரு அளவைப் பதிந்து, வெளியே போகும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஆப் ஸ்டோரின் வழிகாட்டுதல் 5.1.3 இதைவிடக் கறார். உடல்நலத் தரவை விளம்பரத்துக்கோ சந்தைப்படுத்தலுக்கோ பயன்படுத்தக் கூடாது; தனிநபர் உடல்நலத் தகவலை ஐகிளவுடில் சேமிக்கவும் கூடாது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. ‘பழைய தொலைபேசியிலிருந்து புதியதற்குத் தானாக மாறும்’ என்று மகிழ்ச்சியாக எழுதும் அந்த ஒத்திசைவு வசதிதான் திருப்பி அனுப்பப்படும். ஐரோப்பியப் பயனர் ஒருவர் இருந்தாலும், அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 9ஆம் பிரிவின்படி உடல்நலத் தரவு சிறப்பு வகை. பொது விதிமுறைகளை ஏற்பதற்கான ஒரே டிக் பெட்டிக்குள் அதற்கான ஒப்புதலையும் சேர்த்துவிட முடியாது, தனியாக, வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதல் வெளியீட்டில் ஆலோசனைப் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டு, பதிவு, வரைபடம், மருத்துவருக்கான கோப்பு ஆகிய மூன்றோடு மட்டும் வெளியே வருவேன். நிறம் வேண்டும் என்று பயனர்கள் கேட்பார்கள், நிச்சயமாகக் கேட்பார்கள். அப்போது அதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் ஒரு ஒழுங்குமுறை ஆலோசகரிடம் கேட்டு, அந்த நாட்டுக்கு அந்த வசதி கட்டுப்படியாகுமா என்று நாடு நாடாக முடிவு செய்யலாம். எங்கள் செயலியில் அந்த நிறம் எழுதி முடிக்கப்பட்டு, இன்னமும் அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.