நீண்ட அரட்டையைப் படமாக அல்லாமல் எழுத்தாக அனுப்புதல்

கேள்வி: இணையத்தில் வாங்கிய அச்சு இயந்திரம் ஒரே வாரத்தில் பழுதாகிவிட்டது. பெட்டியைத் திறந்திருந்தாலும் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று விற்பனையாளர் அரட்டையில் சொல்லியிருந்தார், இப்போது மறுக்கிறார். அந்த அரட்டையையும், அவர்கள் தளத்தில் திருப்பி அனுப்பும் விதிகள் உள்ள பக்கத்தையும் 14 ஸ்கிரீன்ஷாட்களாக எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரே படமாகச் செய்தி செயலி வழியாகப் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினேன். "எழுத்துகளைப் படிக்க முடியவில்லை" என்று பதில் வந்தது. எழுத்தாகவே நகலெடுத்து அனுப்பலாமா? அதை ஏற்பார்களா?

பதில்: அனுப்பலாம், உங்கள் நிலையில் அதுவே சரியான வழி. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது சில செய்திகள் சத்தமில்லாமல் காணாமற்போகும். எவை போகும் என்று முன்பே தெரிந்துகொண்டால்தான் நீங்கள் அனுப்பும் எழுத்து உங்களுக்குத் துணை நிற்கும்.

முதலில், படம் ஏன் தோற்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல கைபேசிகளில் ஒரு ஸ்கிரீன்ஷாட் 1080 புள்ளி அகலமும் 2400 புள்ளி உயரமும் கொண்டது. பதினான்கையும் அடுக்கினால் உயரம் 33,600 புள்ளிகளாகிறது, அகலமோ அதே 1080தான். செய்தி செயலிகள் படத்தை அப்படியே அனுப்புவதில்லை. அதன் நீளமான பக்கத்தை ஓர் அளவுக்குள் சுருக்குகின்றன. அந்த அளவு 1600 புள்ளி என்று கொண்டால், உங்கள் படம் 21 மடங்கு சுருங்கி, அகலம் ஏறத்தாழ 51 புள்ளியாகிவிடுகிறது. 40 புள்ளி உயரமிருந்த ஓர் எழுத்து இரண்டே புள்ளியில் நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தாலும் அதில் வெறும் சாம்பல் கோடுகள்தாம் தெரியும். அது புகார்ப் பிரிவின் அலட்சியமன்று, அவர்களிடம் வந்து சேர்ந்த படத்தில் எழுத்தே இல்லை. தனித்தனிப் படங்களாக அனுப்பியிருந்தால் படிக்க முடிந்திருக்கும். ஆனால் பதினான்கு படங்களை வரிசை மாறாமல் திறந்து, நடுவிலுள்ள ஒரு வாக்குறுதியைத் தேடும் பொறுமையை எந்தப் புகார் அலுவலரிடமும் எதிர்பார்க்க முடியாது. எழுத்தாக இருந்தால் "30" என்று தேடி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இனி அரட்டைக்கு வருவோம். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். அரட்டைத் திரையில் ஒருவர் பேசியது இடப்பக்கமும் மற்றவர் பேசியது வலப்பக்கமும், வெவ்வேறு வண்ணங்களில் இருக்கும். நகலெடுக்கும்போது பக்கமும் வண்ணமும் வருவதில்லை, சொற்கள் மட்டுமே வருகின்றன. கடையின் தளத்திலுள்ள ஓர் அரட்டைச் சாளரத்தை அப்படியே நகலெடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும்:

```
பெட்டியைத் திறந்துவிட்டேன்
திருப்பித் தரலாம்
30 நாளுக்குள்
சரி
10:44
```

"திருப்பித் தரலாம்" என்று சொன்னவர் யார்? வாங்கியவர் தமக்குத் தெரிந்ததைக் கேள்விக்குறி இல்லாமல் எழுதினாரா, விற்பவர் உறுதியளித்தாரா? இதைப் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, மூல அரட்டையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நாள், நேரம், பேசியவர் ஆகிய மூன்றையும் சேர்த்துவிடுங்கள்:

```
[12 மார்ச் 2025, 10:42] நான்: பெட்டியைத் திறந்துவிட்டேன்
[12 மார்ச் 2025, 10:44] விற்பனையாளர்: திருப்பித் தரலாம்
[12 மார்ச் 2025, 10:44] விற்பனையாளர்: 30 நாளுக்குள்
[12 மார்ச் 2025, 10:45] நான்: சரி
```

சொற்களில் கை வைக்காதீர்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம். நீங்கள் சேர்த்தவை அடைப்புக்குறிக்குள் இருப்பவையும் பெயர்களும் மட்டுமே என்று தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மாதத்தைப் பெயராக எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 03/12 என்று எழுதினால் ஒருவர் மார்ச் 12 என்றும் மற்றவர் டிசம்பர் 3 என்றும் படிப்பார், உங்கள் 30 நாள் கணக்கே புரண்டுவிடும். திரையில் "நேற்று", "இன்று" என்று மட்டும் இருந்தால், அந்த நாள் எது என்பதை ஆர்டர் மின்னஞ்சலோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

உரையாடல் வாட்ஸ்அப்பில் நடந்திருந்தால் இவ்வளவு உழைப்பு தேவையில்லை. அந்த அரட்டையின் பட்டியலில் உள்ள `Export chat` என்பதைத் தேர்ந்து, ஊடகக் கோப்புகள் இல்லாமல் எடுத்தால், ஒவ்வொரு செய்திக்கும் நாள், நேரம், பெயர் ஆகியவை சேர்ந்த `.txt` கோப்பு கிடைக்கும். சில செய்திகள் மட்டும் போதுமென்றால் அவற்றை ஒருசேரத் தேர்ந்து நகலெடுங்கள், பெயரும் நேரமும் கூடவே வரும். ஒரே ஒரு செய்தியை நகலெடுத்தால் வெறும் சொற்கள்தாம் வரும் என்பதால், முக்கியமான வரியை அதற்கு முந்தைய வரியோடு சேர்த்தே தேர்ந்தெடுப்பது நல்லது. விற்பனையாளர் குரல் பதிவாகவோ படமாகவோ பதில் சொல்லியிருந்தால், இந்தக் கோப்பில் அந்த இடத்தில் `<Media omitted>` போன்ற ஒரு குறிப்பு மட்டுமே இருக்கும். வாக்குறுதி அதற்குள் இருந்தால், அந்தக் குரல் பதிவைத் தனியாகச் சேமித்து, கேட்டதை நீங்களே எழுத்தில் தந்து, அது உங்கள் எழுத்துவடிவம் என்று குறிப்பிட வேண்டும்.

தளத்து அரட்டைச் சாளரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. நீண்ட உரையாடலில் பழைய செய்திகள், நாம் மேலே நகர்த்தும்போதுதான் ஏற்றப்படுகின்றன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்ததாக நாம் நினைத்திருப்போம், ஏற்றப்பட்டிருந்த பகுதி மட்டுமே வந்திருக்கும். எனவே ஒட்டியபின் முதல் செய்தி, கடைசிச் செய்தி, நடுவில் ஏதேனும் ஒன்று ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இதைவிட மேலான வழி, சாளரத்தை மூடுமுன் உரையாடலின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்பது. பல தளங்களில் அதற்கான வசதி உண்டு. விற்பவரின் கணினியிலிருந்தே வந்த பிரதியை, "நீங்கள் மாற்றி எழுதியது" என்று அவர்கள் தள்ளுவது கடினம். உங்கள் சாளரம் இன்னும் திறந்திருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள் என்பேன்.

விதிகள் உள்ள பக்கம் வேறு வகை. அங்கே பேசுபவர் ஒருவரே, ஆகவே குழப்பம் குறைவு. ஆனால் இத்தகைய பக்கங்களில் நிபந்தனைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தலைப்பைத் தொட்டால்தான் விரியும். விரிக்காமல் நகலெடுத்தால் தலைப்பு மட்டும் வந்து, "பெட்டி திறந்திருந்தாலும்" என்ற உயிர்நாடியான சொற்றொடர் விடுபட்டுப் போகலாம். எல்லாவற்றையும் விரித்த பிறகே தேர்ந்தெடுங்கள். ஒட்டிய எழுத்துக்கு மேலே பக்கத்தின் முழு முகவரியையும், நீங்கள் பார்த்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அன்றே `Ctrl+P` அழுத்தி பிடிஎஃப் கோப்பாகவும் சேமித்து, தலைப்பும் அடிக்குறிப்பும் அச்சாகும்படி தேர்ந்துகொண்டால், முகவரியும் நாளும் பக்க ஓரத்தில் தாமாகவே பதிவாகும், உள்ளே இருக்கும் எழுத்தையும் தேட முடியும். அடித்துக் காட்டிய பழைய விலை நகலில் சாதாரண எண்ணாக மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். விலை பற்றிய வழக்காக இருந்தால் அது படிப்பவரைத் தவறாக வழிநடத்தும்.

ஏற்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இது: எழுத்தை யாரும் மாற்றிவிட முடியும் என்பதால், அது மட்டுமே சான்றாகத் தனித்து நிற்காது. படிப்பதற்கு எழுத்து, நம்புவதற்கு மூலம் என்று இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். வாக்குறுதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் அதற்கு நேர்முந்தைய ஸ்கிரீன்ஷாட்டையும் மட்டும், ஒட்டாமல், சுருக்காமல், கோப்பாக இணையுங்கள். மற்ற பன்னிரண்டையும் உங்களிடமே வைத்திருந்து, கேட்டால் தருவதாக எழுதுங்கள். அரட்டையைக் கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். உங்கள் முகவரி, தொலைபேசி எண், அட்டை எண் போன்றவற்றை நீக்குவதாக இருந்தால், நீக்கிய இடத்தில் [நீக்கப்பட்டது] என்று எழுதுங்கள். சொல்லாமல் நீக்கினால், வேறு எதையும் நீக்கியிருப்பீர்களோ என்ற ஐயம் எழும்.

செயலி நகலெடுக்கவே விடாவிட்டால், கூகுள் லென்ஸ் போன்ற கருவி கொண்டு ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எழுத்தை எடுக்கலாம். அதற்கு ஒட்டிய பெரிய படத்தைக் கொடுக்காமல், மூலப் படங்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அடுத்தடுத்த படங்களில் ஒரே வரிகள் இருமுறை வரும், அவற்றை நீக்க வேண்டும். எண்களையும் ஆர்டர் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சுழியமும் ஆங்கில ஓ எழுத்தும் இடம்மாறுவது வழக்கம்.

புகார்ப் படிவத்தில் எழுதும் பெட்டிக்கு எல்லை இருந்தால், தமிழ் எதிர்பார்த்ததைவிட விரைவில் அதைத் தொட்டுவிடும். "முடியும்" என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள், கணினியின் கணக்கில் எட்டு. ஆகவே முழு உரையாடலையும் பெட்டிக்குள் திணிக்க முயல வேண்டாம். மறுக்கப்படும் அந்த நான்கு வரிகளை மட்டும் பெட்டியில் எழுதி, முழு எழுத்தையும் `UTF-8` முறையில் சேமித்த `.txt` கோப்பாக இணையுங்கள். வேறு முறையில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அனுப்புமுன் அந்தக் கோப்பை வேறொரு கைபேசியில் திறந்து, "30 நாளுக்குள்" என்ற வரியைத் தேடி எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.