மாடிப் பட்டறைக்கு மேசைப் பலகை: பிளைவுட்டா, எம்.டி.எஃப்-ஆ, மரமா?

கேள்வி: மதுரையில் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு சின்னதாக மரவேலைப் பட்டறை வைக்கிறேன். 6 அடிக்கு 2 அடி மேசை. மேல்பலகைக்கு பிளைவுட், எம்.டி.எஃப்., மரம், இதில் எது போடலாம்?

பதில்: பிளைவுட்டை அடியில் போடுங்கள், எம்.டி.எஃப்-ஐ மேலே போர்த்துங்கள், மரத்தை ஓரத்தில் மட்டும் வையுங்கள். அவனியாபுரம் பக்கம் என் பட்டறையில் இருப்பது இதுதான். "பிளைவுட்ல பட்டறை மேசையா தம்பி?" என்று பார்க்கிற பெரியவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மரத்தைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். என் சித்தப்பா 2 அங்குல வாகைப் பலகையை வெல்டிங் அடித்த ஆங்கிள் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார். அறுப்பு மில்லில் "காய்ஞ்ச மரம்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். பங்குனி வெயிலில் நடுவே நீளத்துக்கும் பிளந்துவிட்டது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கும். 2 அடி அகலம் என்றால் மழைக்கும் கோடைக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், ஈரமரம் என்றால் இன்னும் அதிகம். இரும்பு விட்டுக்கொடுக்காததால் பலகை கிழிந்தது. சட்டத்தில் போட்ட ஓட்டைகளை அகலவாக்கில் நீட்டி ராவி, வாஷர் போட்டு லேசாக முடுக்கியிருந்தால் பலகை நகர்ந்து பிழைத்திருக்கும். மரம் காய்ந்ததா என்று தெரிய ஒரு துண்டை வாரா வாரம் எடை போட்டுப் பாருங்கள். எடை இறங்குவது நிற்கும் வரை அது பச்சைதான். இடித்த பழைய வீட்டுத் தேக்கு கிடைத்தால் மட்டும் நான் மரத்துக்கு ஓட்டுப் போடுவேன், காந்தம் வைத்து ஆணி பார்த்த பிறகு.

எம்.டி.எஃப். மட்டும் போட்டால் ஆரம்பத்தில் கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். ஆனால் ஐப்பசி மழையில் தகரம் ஒரு சொட்டு ஒழுகினாலே ஓரம் உப்பிவிடும், காய்ந்தாலும் அமுங்காது. ஓரத்தில் ஸ்குரு அடித்தால் ஏடு ஏடாகப் பிளக்கும். வைஸ் மாட்டுகிற இடத்தில் அது நிற்கவே நிற்காது.

இனி செய்முறை. ஒரே ஒரு 8க்கு 4, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் போதும். 6க்கு 2 அளவில் இரண்டு துண்டு வரும், மிச்சம் 2க்கு 4 கீழ்த்தட்டுக்கு ஆகும். கடையிலேயே வெட்டி வாங்குங்கள், முழு ஷீட்டை மாடிப்படியில் திருப்ப முடியாது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை எடுங்கள். அந்தப் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள், கூரை ஒழுகலுக்குப் பயப்பட வேண்டாம். வெட்டின ஓரத்தில் உள்ளே சந்து தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சந்து இருந்தால் பின்னால் துளை போடும்போது அந்த இடம் அமுங்கும்.

இரண்டு துண்டையும் வளைவு எதிரெதிராக இருக்கும்படி வைத்து, நடுவில் பசையை ரோலரால் தடவி, அடிப்பக்கத்திலிருந்து ஜாண் இடைவெளியில் ஸ்குரு அடித்து ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் ஸ்குருவைக் கழற்றிவிடலாம். முக்கியம், ஒட்டும் தரை சமமாக இருக்க வேண்டும். முறுக்கோடு ஒட்டினால் அந்த முறுக்கு அப்படியே நின்றுவிடும், இழைக்கவும் முடியாது. நேரான இரண்டு ரீப்பரை இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிந்தால் சரி, ஒரு பக்கம் மட்டும் தூக்கித் தெரிந்தால் அடியில் ஆப்பு வையுங்கள்.

அதன்மேல் 6 மி.மீ. எம்.டி.எஃப்-ஐ பசை இல்லாமல், தலை உள்ளே போகிற ஸ்குருவால் மட்டும் பிடியுங்கள். உளி பட்டு, பசை சிந்திப் பாழானால் கழற்றி வேறு போடலாம். சுற்றி மரப் பட்டியை பிளைவுட்டின் ஓரத்தில் ஒட்டி, எம்.டி.எஃப். மட்டத்துக்கு இழையுங்கள். பட்டி நீளவாக்கில் ஓடுவதால் அது பிளைவுட்டோடு சண்டை போடாது.

பிளைவுட் 36 மி.மீ. தானே, கொட்டாப்புளி அடிக்குத் தாங்குமா என்று கேட்பீர்கள். மேசைக்கால் இருக்கும் இடத்துக்கு மேலே வைத்து அடித்தால் தாங்கும், நடுவில் அடித்தால் துள்ளும். பெரிய உளிவேலைதான் உங்கள் பிழைப்பு என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, பழைய தேக்கைத் தேடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வாடகை இடம் என்றால் மேசையைச் சுவரில் பதிக்காதீர்கள். என் முந்தைய இடத்து உரிமையாளர் நான்கு ஆணி ஓட்டைக்காக அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.