ஏற்றத்தில் டர்போ விசில்: டர்போவை மாற்றும் முன்

கேள்வி: "என் டீசல் எஸ்யூவி, காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் விசிலடித்துக் கரும்புகை தள்ளுகிறது, இழுவையும் இல்லை. P0299 என்ற பிழைக் குறியீடும் காட்டுகிறது. கோம்பாக் பட்டறையில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

இப்போதே மாற்ற வேண்டாம், நண்பரே. காற்றழுத்தம் வேண்டிய அளவை எட்டவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு தெரிவிக்கிறது. விசிலுடன் கரும்புகையும் சேர்ந்து வருவதால், டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையில் காற்று கசிகிறது என்றே முதலில் ஐயுறுவேன். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாய்கள் பெரும்பாலும் கிளிப்பை ஒட்டி, அடிப்பக்கத்தில் வெடிக்கும். அழுத்தம் ஏறினால்தான் அந்த வெடிப்பு திறக்கும் என்பதால், நின்றிருக்கும் வண்டியில் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்வதில் பொருளில்லை. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, டர்போவின் காற்று நுழைவாயை அடைத்து, ரெகுலேட்டர் வழியாக ஏறத்தாழ 1 பார் வரை மெல்லக் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளிக்கச் சொல்லுங்கள். நுரை பொங்குமிடமே கசிவு. குழாயினுள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பே. அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள்.

கசிவு இல்லையெனில், டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரைப் பாருங்கள். அது வாக்குவம் வகையானால், கைப்பம்பால் உறிஞ்சும்போது அதன் தண்டு தடங்கலின்றி நகர்ந்து, அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் திரும்பினால் டயாப்ரம் கிழிந்திருக்கலாம்; சிக்கினால் டர்போவின் இறகுகளில் கரி படிந்திருக்கலாம்.

டர்போவின் சுழல்தண்டு முன்பின்னாகத் தெளிவாக அசைந்தாலோ, அதிலுள்ள இறகுச் சக்கரம் டர்போ உறையை உரசியிருந்தாலோ மட்டுமே டர்போவை மாற்றுங்கள். அப்போது எண்ணெய் செல்லும் குழாயையும் புதிதாகப் போடுங்கள். அதில் கரி அடைத்திருந்தால், புது டர்போவும் எண்ணெய் கிடைக்காமல் விரைவில் தேய்ந்துவிடும்.