வாலட்டில் காசு இருக்கிறது, ஆனால் போகமாட்டேன் என்கிறது

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஐசி காட்டாமல், போன் நம்பரை மட்டும் போட்டு ஒரு மின்பணப்பை திறந்தேன். அதில் 140 வெள்ளி இருந்தது. 100 வெள்ளி ரிலோட் செய்தேன், வரம்பு மீறியது என்று மறுத்துவிட்டது. 50 போட்டேன், ஏறியது. அப்புறம் கூலாயில் இருக்கும் தம்பிக்கு 80 அனுப்பினால் அதற்கும் அதே பதில். வரம்புப் பக்கத்தில் 200 என்றும் 500 என்றும் இரண்டு எண் இருக்கிறது. இந்த மாதம் டவுன் கடைகளில் 460 வெள்ளிக்கு ஸ்கேன் செய்திருப்பேன். என் காசுதானே, ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: இரண்டு முறையும் ஒரே பதில் வந்தாலும் மறுத்த காரணம் ஒன்றல்ல. இந்தச் செயலிகள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

முதலில் ரிலோட். அந்த 200 என்பது எந்த நேரத்திலும் உங்கள் பணப்பைக்குள் தங்கியிருக்கக்கூடிய மொத்தத் தொகை. உள்ளே 140 இருக்கும்போது 100 போட்டால் 240 ஆகிவிடும், அதனால் தள்ளிவிட்டது. 50 போட்டபோது 190, அது உள்ளுக்குள் அடங்கிவிட்டது. நீங்கள் ரிலோட் செய்தாலும், வேறு யாராவது உங்களுக்கு அனுப்பினாலும் இதே கணக்குதான். இப்போது உங்களிடம் 190 இருப்பதால் யாரேனும் 20 வெள்ளி அனுப்பினால்கூட ஏறாது, அவர்களுக்கே திரும்பிவிடும். பத்து வெள்ளிக்குத்தான் இடம் இருக்கிறது.

தம்பிக்கு அனுப்பியது வேறு கதை. அந்த 500, ஒரு மாதத்தில் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகக்கூடிய மொத்தம். கடையில் ஸ்கேன் செய்தது, பில் கட்டியது, ஆளுக்கு அனுப்பியது எல்லாம் அதில் சேரும். 460-உடன் 80 சேர்த்தால் 540. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. உங்களுக்கு இந்த மாதம் மீதி இருப்பது 40 வெள்ளி மட்டும். பெரும்பாலான பணப்பைகளில் இந்தக் கணக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதி புதிதாகத் தொடங்கும், உங்களுடையது எப்போது என்று வரம்புப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 200, 500 என்பதும் எல்லாருக்கும் பொதுவான எண் அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஆனால் இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சரிபார்க்காத கணக்குகளுக்கு ஆளுக்கு அனுப்பும் வசதியையே மூடி வைக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படியானால் மாதத் தொடக்கத்தில் முயன்றாலும் போகாது. எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: தம்பிக்கு 5 வெள்ளி மட்டும் அனுப்பிப் பாருங்கள். போனால், மாத வரம்புதான் தடுத்தது. போகவில்லை என்றால், தம்பியிடம் அவன் பணப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். அவனும் ஐசி காட்டாமல் திறந்திருந்து, அவன் கணக்கு நிறைந்து கிடந்தால் வாங்கும் பக்கத்திலிருந்தும் மறுப்பு வரலாம். அங்கே இடம் இருந்தும் 5 வெள்ளி போகவில்லை என்றால், அனுப்பும் வசதியே உங்களுக்குத் திறக்கப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், நிறுவனத்துக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது ஒரு போன் நம்பர் மட்டும்தான். பணச் சலவையைத் தடுக்கும் 2001-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் பேங்க் நெகாரா வைத்திருக்கும் விதிகளும், வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள்ளச் சொல்கின்றன. ஆள் யாரென்று உறுதியாகத் தெரியாத கணக்கில் சிறு தொகைதான் புழங்கலாம் என்பதே இந்தத் தாழ்ந்த வரம்பின் பொருள். உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை.

ஆக, தீர்வு சரிபார்ப்பை முடிப்பதுதான். செயலிக்குள்ளேயே உங்கள் கணக்குப் பக்கத்தில் அதற்கான இடம் இருக்கும். மைகார்டின் படம் எடுக்கச் சொல்லும், அப்புறம் உங்கள் முகத்தைக் காட்டி, கண் சிமிட்டவோ தலையைத் திருப்பவோ சொல்லும். ஆவணம் தெளிவாக இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆள் பார்த்து ஒப்புதல் தரவேண்டி வந்தால் சில நாள் ஆகலாம்.

தோட்டப் பக்கத்தில் இது எங்கே சிக்குகிறது என்று சொல்கிறேன். பால்மரக் காட்டுக்கும் செம்பனைக்கும் ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், வியர்வையிலும் மழையிலும் கார்டின் எழுத்து மங்கியிருக்கும். கேமராவுக்கு ஐசி எண் தெரியாவிட்டால் திரும்பத் திரும்ப மறுக்கும். அப்படியானால் தேசியப் பதிவிலாகாவில் கார்டை மாற்றாமல் வழியில்லை. கார்டு நன்றாக இருந்தும் மறுத்தால், வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். டியூப் லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் பிளாஸ்டிக் மேல் வெள்ளைக் கோடு விழுந்து எழுத்தை மறைத்துவிடும். பகலில், வாசலில் நிழலாக இருக்கும் இடத்தில், கருநிறத் துணியின் மேல் கார்டை வைத்து எடுத்துப் பாருங்கள். பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் கார்டில் இருப்பதை அப்படியே போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரோ, A/P, A/L விட்டுப்போன பெயரோ இருந்தால் பொருந்தாது.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பிரிபெய்ட் சிம்மில் காசு போடாமல் விட்டு நம்பர் போய்விடும். புது நம்பரில் புதுப் பணப்பை திறப்பார்கள். பழைய பணப்பையில் எப்போதோ ஐசி காட்டியிருப்பது மறந்துபோயிருக்கும். ஒரு ஐசிக்கு ஒரு கணக்கு என்று வைத்திருக்கும் நிறுவனத்தில், புதுக் கணக்கின் சரிபார்ப்பு அதே நிறுவனத்திடமே மறுக்கப்படும். உங்களுக்கு அப்படி வந்தால் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயனில்லை. வாடிக்கையாளர் சேவையிடம் பேசி, பழைய கணக்கின் நம்பரை மாற்றச் சொல்லுங்கள், அல்லது மூடச் சொல்லுங்கள். மூடும்முன் அதில் மிச்சக் காசு இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

போன் கடைக்காரர் தன் ஐசியில் செய்து தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரிபார்த்த கணக்கு அவர் பெயரில் போய்விடும், நாளைக்கு அந்தக் காசு உங்களுடையது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. உங்கள் ஐசியை அடுத்தவர் கணக்குக்குக் கொடுப்பது இன்னும் ஆபத்து. மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். சரிபார்ப்பு முடிக்க இந்த லிங்கைத் தட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தாலும் அதைத் தொடாமல், செயலியைத் திறந்தே செய்யுங்கள். தப்பித் தட்டிக் காசு போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக, மறுக்கப்பட்ட அந்த 100 வெள்ளி. வங்கிக் கணக்கிலிருந்து ரிலோட் செய்திருந்தால், வங்கியில் அந்தத் தொகை கழிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கழிந்திருந்து பணப்பையில் ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். சில நாளாகியும் வரவில்லை என்றால் பரிவர்த்தனை எண், தேதி, நேரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் பணப்பை நிறுவனத்திடமும் வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அழைக்கலாம்.