எளிமைப்படுத்திய குத்தகை ஒப்பந்தத்தை மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: எங்க ரப்பர் விளை குத்தகை ஒப்பந்தத்தை, குத்தகைக்கு எடுத்தவருக்குப் புரியுற மாதிரி எளிய தமிழ்ல திருப்பி எழுதி முடிச்சிட்டேன். அர்த்தமோ தொகையோ பொறுப்போ எதுவும் மாறலன்னு வரி வரியா எப்படிச் சரிபார்க்கிறது?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் என்றால் மூல ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று சொல்லாமலே தெரியும். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம், கடைசியில் "என்றும் சம்மதிக்கப்பட்டது". அதனால் "வரி வரியாக" என்று கிளம்பினால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மூலத்தில் எங்கெல்லாம் ஒருவருக்கு ஒரு கடமையோ உரிமையோ தடையோ வருகிறதோ, அங்கெல்லாம் பென்சிலால் எண் போடுங்கள். ஒரே வாக்கியத்தில் ஐந்து எண் வரலாம், பரவாயில்லை. பிறகு நீங்கள் எழுதியதில் அந்தந்த எண்ணுக்கு உரிய இடத்தில் அதே எண்ணைப் போடுங்கள். மூலத்தில் இருந்து இங்கே வராத எண் விடுபட்ட சங்கதி. இங்கே எண் இல்லாமல் நிற்கும் வாக்கியம் நீங்களாகச் சேர்த்தது. விடுபட்டதைத் தேட மூலத்திலிருந்து ஒரு தடவை, சேர்ந்ததைத் தேட புதியதிலிருந்து இன்னொரு தடவை என்று தனித்தனியாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்தால் கண் மூலத்தில் இருப்பதைப் புதியதிலும் இருப்பதாகவே படித்துக்கொண்டு போகும்.

உண்மையான சிக்கல் எண் போட்ட பிறகுதான் ஆரம்பம். மாதிரிக்கு ஒரு ஷரத்து:

"தவணை தவறும்பட்சத்தில் 1-வது பார்ட்டி 15 நாட்களுக்குக் குறையாமல் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, மேற்படி குத்தகையை ரத்து செய்து, விளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும், அதுவரை எடுத்த பாலும் ஒட்டுப்பாலும் 2-வது பார்ட்டிக்கே உரியது என்றும் சம்மதிக்கப்பட்டது."

இதை எளிமையாக்கும் பலர் இப்படித்தான் எழுதுவார்கள்:

"தவணை கட்டாவிட்டால் உடமஸ்தர் 15 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுக்கலாம். குத்தகையை ரத்து செய்யலாம். விளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவரை எடுத்த பால் வெட்டுக்காரருக்கே."

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒத்துப் பார்த்தால் ஆறு இடத்தில் இடிக்கிறது.

"குறையாமல்" என்பது "க்குள்" ஆகிவிட்டது. மூலத்தில் குத்தகைதாரருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. புதியதில் அந்த அவகாசமே இல்லை, உடமஸ்தர் நோட்டீஸ் கொடுக்கத்தான் 15 நாள் கெடு. அர்த்தம் அப்படியே தலைகீழ்.

அடுத்தது இதைவிட நைசானது. மூலத்தில் "கொடுத்து, ரத்து செய்து, எடுத்துக்கொள்ளலாம்" என்று வினையெச்சங்கள் கோர்த்து வருகின்றன. நோட்டீஸ் கொடுத்தால்தான் ரத்து, ரத்து செய்தால்தான் திரும்ப எடுப்பது. அதை மூன்று வாக்கியமாக வெட்டி ஒவ்வொன்றிலும் "லாம்" போட்டதும் மூன்று தனித்தனி உரிமை கிடைத்துவிட்டது. நோட்டீஸ் இல்லாமலே விளைக்குள் இறங்கலாம் என்று ஒருவர் வாதிட இடம் வந்துவிட்டது. "தவறும்பட்சத்தில்" என்ற நிபந்தனையும் முதல் வாக்கியத்தோடு நின்றுபோனது. நீள வாக்கியத்தை வெட்டிய ஒவ்வொரு இடத்திலும், முற்றுப்புள்ளிக்கு அடுத்த வாக்கியத்தை மட்டும் மற்றதை மறைத்துவிட்டுப் படியுங்கள். அது தனியாக நின்றாலும் மூலம் சொன்னதையே சொல்கிறதா என்று பாருங்கள்.

மற்றவை கண்ணுக்குத் தெரிபவை. "எழுத்துமூலம்" போய்விட்டதால் இனி வாயால் சொன்னாலும் நோட்டீஸ்தான். ஒட்டுப்பால் காணோம். சிரட்டையிலும் வெட்டிலும் உறைந்து கிடப்பதைத் தனியாகத்தான் எடை போட்டு விற்கிறார்கள், "பால்" என்றால் அதுவும் சேர்த்தி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2-வது பார்ட்டி வெட்டுக்காரராகிவிட்டார். குத்தகைதாரரே வெட்டுகிறார் என்றாலும் அப்படி எழுதக் கூடாது. நாளை அவர் கூலிக்கு ஆள் வைத்தால் பால் யாருக்கு?

கடைசியாக "அதுவரை". எதுவரை? ரத்து செய்யும்வரையா, விளையைக் கைமாற்றும்வரையா? இது உங்கள் குறை இல்லை, மூலமே தெளிவாக இல்லை. ஆனால் நீங்கள் வெட்டியதில் அது வேறு வாக்கியத்தில் போய் நிற்பதால் நோட்டீஸ் வரை என்றுகூடப் படிக்கலாம். இங்கே நல்லெண்ணத்தில் ஒரு அர்த்தத்தை நீங்களே தேர்ந்தெடுத்து எழுதிவிடாதீர்கள். ஓரத்தில் குறித்துவைத்து இரண்டு பேரிடமும் கேளுங்கள். அதுவரை இப்படி இருக்கட்டும்:

"தவணை தவறியதற்காகக் குத்தகையை ரத்து செய்வதானால், உடமஸ்தர் முதலில் குறைந்தது 15 நாள் அவகாசம் வைத்து எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த பிறகுதான் குத்தகையை ரத்து செய்து விளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவரை எடுத்த பாலும் ஒட்டுப்பாலும் குத்தகைதாரருக்கே."

"வேண்டும்", "லாம்", "கூடாது" மூன்றையும் தனியாக ஒருமுறை தேடிப் பாருங்கள். "ஒன்றுவிட்ட நாளுக்கு மேல் வெட்டக் கூடாது" என்பதை "ஒன்றுவிட்ட நாள் வெட்ட வேண்டும்" என்று மாற்றுவது சர்வசாதாரணம். முன்னது பட்டை தேயாமலிருக்கப் போட்ட வரம்பு, பின்னது கட்டாயம். இரண்டு மழைக்காலமும் பெய்யும் நம்மூரில் மழையால் வெட்டாமல் விட்டவரை ஒப்பந்தம் மீறியவர் ஆக்கிவிடும்.

எண்களை வாசிப்போடு சேர்த்துப் பார்க்காதீர்கள். மூலத்தில் உள்ள தொகை, தேதி, சர்வே எண், மர மூடு எண்ணிக்கை, பரப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, புதியதில் ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புதியதைப் பார்த்து டிக் போடுவது இன்னும் நல்லது. பரப்பில் ஒரு பொறி உண்டு. 1 ஏக்கர் 5 சென்ட் என்பது 1.05 ஏக்கர். 1.5 என்று எழுதினால் 45 சென்ட் கூடிவிடும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கிறதே என்று மாற்றி எழுதவும் வேண்டாம். மூலத்தில் எந்த அளவோ அதையே எழுதுங்கள்.

ஒத்துப் பார்ப்பது அசலோடுதான், ஜெராக்ஸோடு அல்ல. லீகல் சைஸ் தாளை ஏ4-ல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடியில் இரண்டு வரியும் ஓரத்துத் திருத்தச் சுருக்கொப்பமும் வெட்டுப்பட்டதைக் கேட்டால் "மெஷின் அப்படித்தான் சார்" என்கிறார்கள். பக்கத்துக்குக் காசு மட்டும் குறையாது. தாள் மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"இதெல்லாம் வக்கீல் வேலை, நீ ஏன் சொல்கிறாய்" என்று கீழே வரப்போகிறவர்களுக்கு: ஷரத்து செல்லுமா என்று நான் சொல்லவில்லை, அதற்கு வக்கீலிடம்தான் போக வேண்டும். இரண்டு தாளும் ஒன்றையே சொல்கிறதா என்று பார்க்க, படிக்கத் தெரிந்த இரண்டு பேரும் ஒரு பென்சிலும் போதும்.

எளிய வடிவத்தின் தலைப்பிலேயே "இது புரிதலுக்கு மட்டும், வேறுபாடு இருந்தால் மூல ஒப்பந்தமே செல்லும்" என்று போட்டு மூலத்தின் தேதியையும் எழுதிவிடுங்கள். இதில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். வாங்கினால் இதுவே புது ஒப்பந்தம் என்று யாராவது ஒருவர் பிறகு தூக்கிக்கொண்டு வருவார்.