கபடியில் மூன்றாவது ரைடில் மட்டும் ஏன் பிடிபடுகிறேன்?

"டூ ஆர் டை ரைடில் கடைசி நொடிகளில் பாய்ந்து, ஒவ்வொரு முறையும் கார்னரிடம் மாட்டுகிறேன். என்ன தவறு?"

தம்பி, தவறு உங்கள் காலில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. சாதாரண ரைடில் வெறுங்கையோடு திரும்பலாம். தொடர்ந்து இரண்டு வெற்று ரைடுகளுக்குப் பிறகு புள்ளியின்றித் திரும்பினால் நீங்கள் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆகவே அவர்கள் பின்வாங்கி நின்று 30 நொடியைக் கரைத்தாலே போதும். முடிவில் நீங்கள் வந்தே தீர வேண்டும். கார்னர் ஆட்டக்காரர் அந்தக் காலுக்காகத்தான் காத்திருக்கிறார்.

நுழையும்போதே ஆட்களை எண்ணுங்கள். ஆறோ ஏழோ பேர் இருந்தால் போனஸ் புள்ளியே உங்களைக் காப்பாற்றும். ஐந்து பேர் என்றால் போனஸ் கிடையாது, தொட்டே ஆக வேண்டும். அப்போது முதல் பத்து நொடிக்குள் ஒரு கார்னரை நோக்கிப் பாய்வதுபோல் காட்டுங்கள். அவர் அசைந்ததும் பக்கத்தில் நிற்பவரின் கையைத் தொட்டுத் திரும்புங்கள்.